உளவுக் கதைகள்: நாற்காலி முதுகில் மாட்டிய கேமரா

உளவுப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: "பேனாவுக்குள்ளே கேமராவாம், காதில் பூச்சுற்றுகிறார்கள்." இந்தக் குறையோடு எனக்கு உடன்பாடில்லை. பேனாவுக்குள் கேமரா இருந்தது. 1970களில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ., பேனாவிலும் சிகரெட் லைட்டரிலும் சாவிக்கொத்திலும் அடங்குகிற கேமராக்களைச் செய்து மாஸ்கோவில் தன் ஆட்களிடம் கொடுத்தது. விஷம் வைத்த பேனாவும் இருந்தது. அலெக்சாண்டர் ஒகரோட்னிக் என்ற சோவியத் வெளியுறவுத் துறை அதிகாரி 1977இல் கைதானபோது அப்படி ஒரு பேனாவால்தான் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

ஆகவே கருவி நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்து ஓர் உளவுக் கதையை எடைபோட முடியாது. அந்தக் கருவி கதையில் என்ன வேலை செய்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு உண்மையான வழக்கு ஒன்றையாவது நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நான் பரிந்துரைப்பது அடால்ஃப் டொல்காச்சேவின் வழக்கு. இதில் கருவிகளும் உண்டு, சாகசமும் உண்டு. சி.ஐ.ஏ.வே இந்த வழக்கின் ஆவணங்கள் பலவற்றை வெளியிட்டதால் விவரங்களும் கிடைக்கின்றன. டேவிட் ஹாஃப்மன் 2015இல் எழுதிய 'தி பில்லியன் டாலர் ஸ்பை' இதைப் பற்றிய புத்தகம்தான்.

டொல்காச்சேவ் மாஸ்கோவில் போர் விமானங்களுக்கு ரேடார் வடிவமைக்கும் ஃபாசட்ரோன் நிறுவனத்தில் மின்னணுப் பொறியாளர். வயது ஐம்பதை ஒட்டி. அவரை யாரும் வலைவீசிப் பிடிக்கவில்லை, மயக்கும் அழகியும் வரவில்லை. 1977 ஜனவரியில் ஒரு மாலை, வெளிநாட்டுத் தூதரகக்காரர்கள் பயன்படுத்தும் பெட்ரோல் பங்க்கில் நின்ற ஒரு காரை அவரே நெருங்கி, நீங்கள் அமெரிக்கரா என்று கேட்டு, மடித்த காகிதம் ஒன்றை உள்ளே போட்டுவிட்டு நடந்தார். அந்தக் காரில் இருந்தவர் மாஸ்கோ சி.ஐ.ஏ. நிலையத்தின் தலைவர். டொல்காச்சேவுக்கு அது தெரியாது.

திரைப்படத்தில் அடுத்த காட்சியில் ஒரு ரகசியச் சந்திப்பு இருக்கும். நிஜத்தில் எதுவுமே நடக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து வந்த உத்தரவு, பதில் சொல்லாதே என்பதுதான். தானாக வலிய வந்து கதவைத் தட்டுகிறவர் கே.ஜி.பி. அனுப்பிய பொறியாகவும் இருக்கலாம். அவரைச் சந்திக்கப் போகும் அதிகாரி கையும் களவுமாகப் பிடிபடுவார், நாடு கடத்தப்படுவார், செய்தித்தாளில் படம் வரும். டொல்காச்சேவ் மறுபடி வந்தார். அதன் பிறகும் வந்தார். ஒரு முறை காரைக் கையால் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஓராண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. அதற்குள் மாஸ்கோவில் வேறு இரண்டு உளவாளிகள் பிடிபட்டு, தூதரகத்தில் தீ விபத்தும் ஏற்பட, சி.ஐ.ஏ. இயக்குநர் ஸ்டான்ஸ்ஃபீல்ட் டர்னர் மாஸ்கோ நிலையத்தின் வேலைகளையே நிறுத்தி வைத்தார்.

முட்டுக்கட்டை உடைந்ததற்கு இரண்டு காரணங்கள். டொல்காச்சேவ் தன் கடிதம் ஒன்றில் ரேடார் பற்றிய தகவல்களைக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தார், அந்தத் துறையில் எது கிடைத்தாலும் வேண்டும் என்று பென்டகனும் கேட்டது. மாஸ்கோ நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த கஸ் ஹாதவேயும் தலைமையகத்தை விடாமல் நச்சரித்தார். அப்போதும் டொல்காச்சேவின் தொலைபேசி எண் முழுதாகக் கிடைக்கவில்லை. கடிதம் தவறான கைக்குப் போனால் என்னாவது என்று கடைசி இரண்டு எண்களை அவர் எழுதாமல் விட்டிருந்தார். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட தெருவில் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், அந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிப் பிடித்திருப்பேன், காரில் போகிறபோது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒரு பொறியாளர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த உத்தி அது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் இது தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

1978இல் ஜான் கில்ஷர் என்ற அதிகாரி, ரஷ்ய மொழியைத் தாய்மொழிபோலப் பேசுகிறவர், பொதுத் தொலைபேசியிலிருந்து அவரை அழைத்தார். அந்த ஆகஸ்டில் டொல்காச்சேவின் வீட்டருகே தொலைபேசிக் கூண்டுப் பக்கமாக, கட்டடத் தொழிலாளி போட்டுவிட்டுப் போனது போன்ற அழுக்குக் கையுறை ஒன்று கிடந்தது. உள்ளே, மறைவெழுத்துக் கடிதம் எழுதுவதற்கான பொருள்களும் சங்கேதத் தாள்களும் இருந்தன. அவர்கள் இருவரும் நேரில் சந்தித்தது 1979 ஜனவரி 1ஆம் தேதி. புத்தாண்டு நாளில் கண்காணிப்பும் சோம்பலாகத்தான் இருக்கும் என்ற கணக்கு. குளிரில் நடந்துகொண்டே பேசினார்கள். டொல்காச்சேவ் கையால் எழுதிய 91 பக்கங்களைக் கொடுத்தார். முதல் காகிதத்திலிருந்து முதல் கைகுலுக்கல் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

இங்கே யார் என்ன வேலை செய்கிறார் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் திரையில் பெரும்பாலும் புரட்டிப் போடுவது இதைத்தான். திரையில் நாயகன் வெளிநாட்டுக்குப் போய், சுவர் ஏறிக் குதித்து, பெட்டகத்தைத் திறந்து, தானே ரகசியத்தை எடுத்து வருவான். நிஜத்தில் சி.ஐ.ஏ. அதிகாரி அந்த நிறுவனத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ரகசியத்தை எடுத்தவர் அங்கேயே வேலை பார்த்த, அடையாள அட்டை காட்டி உள்ளே போய்வந்த மனிதர். அதிகாரியின் வேலை அவரைச் சந்திப்பது, பொருளை வாங்குவது, அவர் மனநிலையைப் பார்த்துக்கொள்வது, பின்னால் யாரையும் இழுத்து வராமல் இருப்பது. ஆபத்தும் அப்படித்தான் பிரிந்திருந்தது. பிடிபட்டால் அதிகாரிக்குத் தூதரகப் பாதுகாப்பு உண்டு, ஊருக்குத் திரும்பிவிடுவார். உள்ளூர்க்காரருக்குத் தூக்கு அல்லது தோட்டா.

இனி கேமராவுக்கு வருவோம். முதலில் டொல்காச்சேவிடம் கொடுத்தது கைக்குள் மறையும் சிறிய கேமரா. படங்கள் சரியாக வரவில்லை. வெளிச்சம் நிறைய வேண்டும், கை ஆடக் கூடாது, காகிதத்துக்கும் லென்ஸுக்கும் இடையே தூரம் துல்லியமாக இருக்க வேண்டும். ரகசியக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கிறவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? 1979இல் அவருக்கு வேறொன்றைக் கொடுத்தார்கள். கடையில் யாரும் வாங்கக்கூடிய 35 மி.மீ. பென்டாக்ஸ் கேமராவும், அதை நாற்காலியின் முதுகில் இறுக்கிப் பொருத்த ஒரு பிடியும். மதிய உணவு வேளையில் அவர் ஆவணங்களைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். வீடு நடந்து போகும் தூரத்தில், அமெரிக்கத் தூதரகத்துக்கும் பக்கத்தில். மனைவியும் மகனும் வெளியே போயிருப்பார்கள். நாற்காலியில் கேமராவை மாட்டி, மேசையில் தாள்களைப் பரப்பிப் பக்கம் பக்கமாக எடுத்துவிட்டு, உணவு வேளை முடிவதற்குள் கோப்பைத் திருப்பி வைத்துவிடுவார். அமெரிக்க விமானப் படைக்குக் கோடிக் கணக்கான டாலர் மிச்சமானதாகப் பிறகு மதிப்பிட்ட தகவல்களில் பெரும்பகுதி இந்த நாற்காலி வழியாகத்தான் போயிற்று.

அடுத்து வந்த சிக்கலும் கருவியால் வந்ததில்லை. நிறுவனத்தில் விதியை மாற்றினார்கள். ரகசிய ஆவணம் வாங்குகிறவர் தன் அடையாள அட்டையை ஆவணப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது, எனவே மதியம் வீட்டுக்கு எடுத்துப் போக வழியில்லை. சி.ஐ.ஏ. தொழில்நுட்பக்காரர்கள் மாதக் கணக்கில் செலவிட்டது லேசரிலும் வெடிகுண்டிலும் இல்லை. அவருடைய அட்டைக்கு ஒரு போலியைச் செய்வதில்தான். அட்டையின் நிறம் அச்சு அசலாக இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை அவர் நிறுவனத்தின் கழிவறையில் நின்று சிறிய கேமராவால் முடிந்ததை எடுத்தார்.

திரையில் வரும் பொம்மைபோலவே ஒன்றும் இந்தக் கதையில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1982இல் பல மாதங்களாக யாராலும் டொல்காச்சேவைச் சந்திக்க முடியவில்லை. அதிகாரிகள் வீட்டைவிட்டு இறங்கினாலே கே.ஜி.பி. கார் பின்னால் வந்தது. டிசம்பரில் ஒரு மாலை இரண்டு தம்பதியர் பிறந்தநாள் விருந்துக்குப் போவதுபோலக் காரில் கிளம்பினார்கள், ஒருவர் மடியில் பெரிய கேக். கார் ஒரு முனையில் திரும்பியதும், பின்தொடரும் கார் கண்ணுக்குப் படாத சில நொடிகளில் பில் பிளங்கர்ட் என்ற அதிகாரி கதவைத் திறந்து இறங்கினார். அவர் இடத்தில் கேக்கை வைத்து அழுத்தியதும், மேல்பக்கம் பிளந்து மனிதத் தலையும் தோளும் கொண்ட பொம்மை எழும்பியது. பின்னால் வந்தவர்கள் நான்கு தலைகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். தெருவில் கிழவர் வேடத்தில் ஒருவர் நடந்துபோனார்.

படம் இங்கே கைதட்டல் வாங்கும். ஆனால் பிளங்கர்ட் உடனே சந்திப்புக்குப் போய்விடவில்லை. பொம்மை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம், பின்னால் ஆள் இல்லாத நிலை. அதுவும் உறுதியில்லை. அவர் வண்டி ஏறி இறங்கி, வெகுநேரம் நடந்து, காலி இடங்களில் நின்று, ஒரே முகம் இரண்டு முறை கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். மாஸ்கோவில் இப்படி மணிக் கணக்கில் சுற்றுவது எழுதப்படாத சட்டம். சந்தேகம் வந்தால் திரும்பிவிட வேண்டும். மறுபடி அடுத்த மாதம், மறுபடி ஒரு சுற்று. ஒரு சில நிமிடச் சந்திப்புக்கு ஒரு முழு நாள் போகும். இதைப் படத்தில் காட்டுவது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல இயக்குநர்கள் அந்த நடையிலேயே பதற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சந்திப்பு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பெரும்பாலான படங்கள் விட்டுவிடுகின்றன. பிலிம் சுருள் கைக்கு வந்ததும் நாயகன் வென்றுவிடுகிறான். உண்மையில் சரிபாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சுருளைக் கழுவ வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், ரேடார் தெரிந்தவர்கள் உட்கார்ந்து இது நடக்கக்கூடியதா, நமக்கு வேறு வழியில் தெரிந்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் இதற்காகவே இரண்டு குறள் செலவிட்டிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சோதித்துப் பார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்பது அவர் கருத்து. மாஸ்கோவில் அந்த மூன்றாவது ஆள் கிடைக்காதபோது, செயற்கைக்கோள் படமும் வானொலி ஒட்டுக்கேட்பும் அந்த இடத்தை நிரப்பின.

டொல்காச்சேவ் கேட்ட பொருள்களின் பட்டியலும் மறக்க முடியாதது. மகனுக்கு மேற்கத்திய ராக் இசைத்தட்டுகள், அவனுடைய வரைபடப் பயிற்சிக்குப் பேனா, மை, அழிப்பான். பணமும் கேட்டார், செலவழிக்க அல்ல; தன் வேலையை அவர்கள் மதிக்கிறார்களா என்று அதை வைத்துப் பார்த்தார். அதற்கெல்லாம் முன்னால் விஷ மாத்திரை கேட்டார். தலைமையகம் அதைத் தர நெடுநாள் தயங்கி, பிறகு தந்தது. மனைவியின் தாய் ஸ்டாலின் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர், தந்தை தொழிலாளர் முகாமில் ஆண்டுக் கணக்கில் கிடந்தவர். டொல்காச்சேவின் கோபம் அங்கிருந்து வந்தது. 1983இல் நிறுவனத்தில் திடீர் விசாரணை வந்தபோது அவர் கிராமத்து வீட்டுக்குப் போய், வாங்கிய பணக்கட்டுகளையும் கருவிகளையும் எரித்தார். மேலதிகாரி அறைக்குப் போனபோதெல்லாம் மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு போனார். இதுதான் அந்தக் கருவியின் உண்மையான காட்சி. கதவு திறக்கிறது, மேலதிகாரி சாதாரணமாக ஏதோ கேட்கிறார், ஒருவர் பல்லைக் கடிக்காமல் பதில் சொல்கிறார்.

அவரைக் காட்டிக்கொடுத்தது பழுதான கருவியோ தவறான சமிக்ஞையோ இல்லை. எட்வர்ட் லீ ஹோவர்ட் என்ற இளைஞரை மாஸ்கோவுக்கு அனுப்பப் பயிற்சி கொடுத்து, கோப்புகளையும் படிக்கவிட்டு, பொய் கண்டறியும் சோதனையில் சிக்கியதும் 1983இல் வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். கையில் ரகசியம், மனதில் வஞ்சம். அவர் கே.ஜி.பி.யிடம் போனார். டொல்காச்சேவ் 1985 ஜூனில் கிராமத்து வீட்டிலிருந்து திரும்பும் வழியில் கைதானார், மாத்திரையைத் தொட அவகாசம் கொடுக்கவில்லை. சில நாள்களில் அவரைச் சந்திக்கப் போன சி.ஐ.ஏ. அதிகாரியும் பிடிபட்டார். 1986இல் டொல்காச்சேவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஹோவர்டோ 1985 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மாஸ்கோவுக்குத் தப்பினார். எப்படி என்று கேட்டால், மனைவி காரை ஓட்ட, ஒரு திருப்பத்தில் இறங்கிக்கொண்டு, தன் இருக்கையில் பொம்மைத் தலையை நிறுத்திவிட்டுப் போனார். சி.ஐ.ஏ. கற்றுக்கொடுத்த பாடம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால், மூன்று கேள்விகள் போதும். தகவலை உண்மையில் எடுப்பவர் யார், அவருக்கு ஏன் அது தேவைப்படுகிறது? அது அவர் கையிலிருந்து அதிகாரி கைக்கு எப்படி வருகிறது, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? வந்த பிறகு யாராவது அதைச் சந்தேகிக்கிறார்களா? முதல் அரை மணி நேரத்தில் இவற்றில் இரண்டுக்காவது பதில் கிடைக்கிற படம், பொம்மைத் துப்பாக்கி கொஞ்சம் காட்டினாலும் தரையில் நிற்கிற படம். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதைச் சண்டைப் படமாகப் பாருங்கள், அதுவும் ஒரு சுகம்தான்.

'ஆர்கோ'வை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் இது உண்மைச் சம்பவப் படங்களில் ஆஸ்கர் வரை போனது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பி வந்த ஆறு பேரைக் கனடாக்காரர்கள் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்தார்கள். 1980 ஜனவரி இறுதியில் டோனி மெண்டஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி, சினிமாவுக்கு இடம் பார்க்க வந்த கனடாக் குழு என்ற வேடத்தில் அவர்களை வெளியே கொண்டுவந்தார். அதற்காக ஹாலிவுட்டில் போலி நிறுவனம் திறந்து சினிமாப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்கள். நம்ப முடியாததுபோல இருக்கும் இந்தப் பகுதி உண்மை. நம்பும்படி இருக்கும் கடைசி இருபது நிமிடம் பொய். கடைவீதியில் கூட்டம் சூழ்ந்ததும், விமான நிலையக் காவலர்கள் ஹாலிவுட்டுக்குத் தொலைபேசி போட்டதும், ஓடுபாதையில் விமானத்தைத் துரத்தியதும் நடக்கவில்லை. இயந்திரக் கோளாறால் விமானம் கிளம்பத் தாமதமானது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் உண்மையான ஆபத்து எதில் இருந்தது? போலி விசாவில். ஈரானின் நாள்காட்டி வேறு. முத்திரையில் இட்ட தேதியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஆறு பேரும் இனிமேல்தான் நாட்டுக்குள் வர வேண்டும். பாரசீகம் படிக்கத் தெரிந்த கனடாத் தூதரக அதிகாரி ஒருவர் அதைக் கவனித்ததால் மெண்டஸ் திருத்தி எழுத முடிந்தது. ஒருவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நெற்றியைச் சுருக்கும் அந்தக் காட்சி எனக்கு ஓடுபாதைத் துரத்தலைவிடப் பயம் தருகிறது. படத்தைப் பாருங்கள், நன்றாக எடுக்கப்பட்ட படம். கனடாவின் பங்கைச் சுருக்கியதற்காக அங்கே கோபப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லும் கதைகள் வேண்டுமென்றால் ஜான் லெ கார்ரேயிடம் போக வேண்டும். பிரிட்டனின் எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் வேலை பார்த்தவர். 1963இல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலை 1965இல் ரிச்சர்ட் பர்ட்டனை வைத்து கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அதில் கருவியே இல்லை. ஓர் அதிகாரியைக் குடிகாரனாகவும் தோற்றவனாகவும் மெல்ல மெல்ல ஆக்கி, எதிரி தானே வந்து விலை பேசும்படி செய்கிறார்கள். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யில் ஸ்மைலி துரோகியைத் தேடும் இடம் பழைய கோப்புகள். ஒரு குறிப்பிட்ட இரவின் பணிப் பதிவேட்டில் பக்கங்கள் காணாமல் போனதே அவருக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. 2011 படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு யார் எவர் என்று குழம்பும். அலெக் கின்னஸ் நடித்த 1979 பி.பி.சி. தொடர் மெதுவாகப் போகும், அந்த நிதானமே அதன் பலம். லெ கார்ரேயிடமும் மிகை உண்டு. அவருடைய அலுவலகங்களில் எல்லோரும் ஏதோ ஒரு துரோகத்தின் சோகத்தில் அழகாக மூழ்கியிருப்பார்கள். நிஜ அலுவலகங்களில் பாதிப் பேர் பதவி உயர்வைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

'தி அமெரிக்கன்ஸ்' தொடரை உருவாக்கிய ஜோ வெய்ஸ்பெர்க் முன்னாள் சி.ஐ.ஏ.காரர். அமெரிக்கக் குடும்பம்போல வாழும் ரஷ்ய உளவுத் தம்பதி பற்றிய கதை. 2010இல் அமெரிக்காவில் ரஷ்யாவுக்கு வேலை செய்த பத்துப் பேர் கைதானதுதான் அதற்கு விதை. தொடரில் திருமணம், பிள்ளைகள், பொய்யின் சோர்வு எல்லாம் உண்மையாக இருக்கிறது. விக் மாற்றி மாற்றி ஆள்களைக் கொல்வது அப்படியில்லை. கைதான பத்துப் பேரில் ஒரு தம்பதி, நியூ ஜெர்சியில் தாங்கள் குடியிருந்த வீடு யார் பெயரில் இருக்க வேண்டும் என்று மாஸ்கோவோடு சண்டை பிடித்தார்கள். அவர்களில் இன்னொருவரான அன்னா சாப்மன் தன் மடிக்கணினி வேலை செய்யவில்லை என்று அதைச் சரிசெய்யக் கொடுத்த ஆள், ரஷ்யராக நடித்த எஃப்.பி.ஐ. அதிகாரி. அவர்கள் மீது உளவுக் குற்றமே சாட்டவில்லை, கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்டது வெளிநாட்டு அரசின் ஆள் என்று பதிவு செய்யாத குற்றத்தைத்தான்.

நம் பக்கத்தில் 1986இல் வந்த கமல்ஹாசனின் 'விக்ரம்' இருக்கிறது. கடத்தப்பட்ட ஏவுகணை, கற்பனை ராஜ்யம், கணினி நிபுணி என்று எல்லாமே வண்ணமயம். கதை எழுதிய சுஜாதா பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். டொல்காச்சேவ் போலவே ராணுவத்துக்கு மின்னணுக் கருவி செய்யும் அரசு நிறுவனத்தின் உள்ளே உட்கார்ந்திருந்தவர். கோப்பு எப்படிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகரும், வாசலில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மசாலாப் படத்துக்கு அது தேவைப்படவில்லை. அந்த மேசையிலிருந்து அவர் ஓர் உளவு நாவல் எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு.

கடைசியாக, "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்ற அட்டை. ஆவணம் திறக்கப்பட்ட வழக்கா, நீதிமன்றத்தில் நடந்த வழக்கா, சம்பந்தப்பட்டவரே பெயரோடு எழுதிய புத்தகமா என்று பாருங்கள். 'தி கூரியர்' படத்தில் வரும் பெங்கோவ்ஸ்கியும் கிரெவில் வின்னும் 1963இல் மாஸ்கோ நீதிமன்றத்தில் நின்றவர்கள், எனவே எது எங்கே மாறியது என்று ஒப்பிட முடியும். அதில் வரும் சி.ஐ.ஏ. பெண் அதிகாரி எமிலி கற்பனை. பூங்காவில் குழந்தைகளோடு உட்கார்ந்து மிட்டாய்ப் பெட்டியில் பிலிம் வாங்கிய பிரிட்டிஷ் அதிகாரியின் மனைவி ஜேனட் சிஷோம் நிஜம். 2018இல் வந்த 'ராஸி'க்கு அப்படி ஒப்பிட ஆவணம் கிடையாது. ஹரிந்தர் சிக்காவின் நாவலும், உண்மைப் பெண் ஒருவரைப் பற்றியது என்ற அவருடைய சொல்லும்தான் நமக்குக் கிடைப்பவை. நடிப்புக்காகப் பாருங்கள், வரலாறாக மேற்கோள் காட்டாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்ப்பதாக இருந்தால் 'தி கூரியர்' முதலில்.